எட்டு வினாடி: பெரிய ஆட்டத்திற்கு முன் வரும் பதற்றத்தைச் சர்வீஸ் கோட்டில் கையாளுவது எப்படி

பல்லடத்திற்குத் தெற்கே ஒரு கிராமத்து மைதானத்தில், ஆடி மாதத்து இரவு ஒன்றில், எங்கள் பெண்கள் வாலிபால் அணி அரையிறுதி ஆடியது. மூன்றாவது செட்டில் 13-13 என்று நின்றபோது, அணியிலேயே நம்பகமாகச் சர்வீஸ் போடக்கூடிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவி பந்தை எடுத்தாள். அது வலையின் பாதி உயரத்தில் போய் மோதியது. அடுத்த புள்ளியும் போய் ஆட்டம் முடிந்தது. வேனில் ஏறும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "கை சில்லுனு ஆயிருச்சுங்க சார். விசில் அடிச்சது தெரியும், அப்புறம் பந்து வலையில கிடந்ததுதான் தெரியும்."

அவளுடைய அப்பா கைபேசியில் எடுத்திருந்த காணொளியை மறுநாள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பயிற்சியில் விசிலுக்கும் அடிக்கும் இடையே அவள் ஏறத்தாழ ஐந்து வினாடி எடுத்துக்கொள்வாள். அந்தப் புள்ளியில் எடுத்தது இரண்டு வினாடிகூட இல்லை. கை, தோள், பந்தை மேலே எறியும் டாஸ் என்று நாங்கள் குறை தேடிக்கொண்டிருந்தோம். குறையோ கடிகாரத்தில் இருந்தது. முதல் நடுவர் விசில் ஊதிய பிறகு 8 வினாடிக்குள் சர்வீஸ் அடிக்க வேண்டும் என்பது விதி. அந்த எட்டு வினாடியும் போடுபவருக்கு உரியது. பதற்றம் முதலில் பறிப்பது அதைத்தான். நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் கால்பந்தின் பெனால்டி உதைகளை ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்: விசில் கேட்டதும் அவசரமாக ஓடி உதைத்தவர்களே அதிகம் தவறவிட்டார்கள்.

இந்த வழிகாட்டி சர்வீஸ் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வாலிபாலில் மற்ற எல்லாச் செயலும் எதிரணியின் பந்துக்குப் பதிலாக நடப்பதால், யோசிக்க நேரமே இருக்காது. சர்வீஸ் மட்டும்தான் ஆட்டக்காரர் தாமாகத் தொடங்குவது. அதனால்தான் நினைப்பு உள்ளே நுழைய அங்கே இடம் கிடைக்கிறது. கூடைப்பந்தின் ஃப்ரீ த்ரோவும் வில்வித்தையும் இதே வகையைச் சேர்ந்தவை. கபடியில் பாடிப்போவது இந்த வகையில் அடங்காது.

முதலில் பிரித்தறிய வேண்டியது: உடம்பா, நினைப்பா

பதற்றம் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அதில் இரண்டு சரடுகள் இருக்கின்றன. ஒன்று உடம்பைச் சேர்ந்தது: நெஞ்சு அடித்துக்கொள்வது, வயிறு புரளுவது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, உள்ளங்கை குளிர்ந்து வியர்ப்பது. அட்ரினலின் சுரந்து, தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்துப் பெரிய தசைகளுக்கு அனுப்புவதால் வருபவை இவை. விரல்நுனி குளிர்ந்தால் பந்தின் தொடுவுணர்வு மங்குகிறது. ஆகவே "கை சில்லுனு ஆயிருச்சு" என்பது வெறும் பேச்சல்ல. இரண்டாவது நினைப்பைச் சேர்ந்தது: "போன தடவை மாதிரி ஆயிருமோ", "அப்பா வந்திருக்காரே", "மைக்கில் என் பேரைச் சொல்றாங்களே".

இவற்றைப் பிரிக்க வேண்டியதற்குக் காரணம், இரண்டும் வேறு வேறு பாதையில் போகின்றன என்பதுதான். உடம்பின் படபடப்பு ஆட்டத்திற்குச் சற்று முன் உச்சத்தைத் தொட்டு, முதல் சில பந்துகளுக்குள் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். நினைப்பின் கவலை அப்படி இறங்காது. ஸ்கோர் நெருங்க நெருங்க எந்த நேரத்திலும் திரும்பி வரும். முதல் வகையினருக்கு உடம்பைச் சூடாக்குவதும் மூச்சும் போதும். இரண்டாம் வகையினருக்கு எத்தனை மூச்சு விட்டாலும் போதாது; நினைப்புக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

எது உங்களுடையது என்று அறிய, இரண்டு வாரம் ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்திற்குப் பிறகும் மூன்று வரி எழுதுங்கள்: உடம்பில் என்ன உணர்ந்தேன், தலையில் என்ன ஓடியது, அப்போது ஸ்கோர் என்ன. அந்த மாணவியின் நோட்டில் முதல் செட்டின் தொடக்கம் எல்லாமே சரியாக இருந்தது. அவள் எழுதிய சிக்கல் அனைத்தும் 20 புள்ளிக்கு மேல், அல்லது மூன்றாவது செட்டில். ஆகவே அவளுடையது நினைப்பு. சில்லென்ற கை அதன் பின்னால் வந்ததே தவிர முன்னால் வரவில்லை.

எட்டு வினாடியை நிரப்புதல்

ஒவ்வொரு சர்வீஸுக்கும் மாறாத வரிசையில் செய்யும் சில செயல்களைத்தான் இங்கே பழக்கம் என்கிறேன். நெற்றியில் திருநீறு இட்டுக்கொள்வதோ ராசியான சாக்ஸ் அணிவதோ இதில் சேராது. அவற்றை நான் தடுப்பதில்லை, ஆனால் சாக்ஸ் காணாமல் போனால் ஆட்டமும் காணாமல் போகும் என்ற நிலை ஆபத்தானது. பழக்கத்தின் ஒவ்வொரு உறுப்பும் அடிக்கப்போகும் பந்துக்கு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும்; வேறு யாருடைய உதவியும் பொருளும் தேவைப்படாததாக இருக்க வேண்டும்.

நாங்கள் அவளுக்காக அமைத்தது இரண்டு பகுதி கொண்டது. விசிலுக்கு முன் வருவது முடிவெடுக்கும் பகுதி. பந்தைக் கையில் வாங்கியதும் கோட்டிலிருந்து பின்னால் நான்கு அடி வைப்பாள். அங்கே நின்று காற்றைப் பார்ப்பாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் காற்று, பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துத் திறந்த மைதானங்களில் டாஸையே நகர்த்திவிடும். ஆகவே நடுவர் மேடையில் தொங்கும் துண்டையோ கொடியையோ பார்த்து, டாஸை எவ்வளவு தாழ்வாகப் போடுவது என்று அங்கேயே தீர்மானிக்க வேண்டும். டாஸ் தாழ்ந்தால் பந்து காற்றில் இருக்கும் நேரம் குறையும், விலகலும் குறையும். மூன்றாவது செட்டில் ஓர் அணி 8 புள்ளி எடுத்ததும் பக்கம் மாறுவதால், காற்றும் மாறிவிட்டது என்று நினைத்து இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். பிறகு எதிரணியில் பந்து எடுக்கும் இருவருக்கு நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பாள். பந்தை இரண்டு முறை தரையில் தட்டி, காற்றடைக்கும் துளை எப்போதும் ஒரே பக்கம் பார்க்கும்படி கையில் பிடிப்பாள். கடைசியாக, வாயால் நீளமாக மூச்சை வெளியே விடுவாள்.

மூச்சைப் பற்றி ஒரு சொல். பலரும் "நல்லா மூச்சை இழு" என்றுதான் சொல்லுகிறார்கள். இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று ஏறுகிறது, விடும்போது இறங்குகிறது. ஆகவே நமக்கு வேண்டியது விடுவது. பதறியவர் ஏற்கெனவே அதிகம் இழுத்துத்தான் வைத்திருப்பார்.

விசிலுக்குப் பின் வருவது செய்யும் பகுதி. இதில் முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்ப்பது, பந்தைப் பார்ப்பது, ஒரே ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்வது, டாஸ், அடி. இவை முழுவதும் ஐந்து வினாடி. அந்தச் சொல்லை அவளே தேர்ந்தெடுத்தாள்: "தாண்டு". பந்து வலையைத் தாண்டுவதையே அது குறிக்கிறது, முழங்கையை அல்ல. இந்த வேறுபாட்டில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

தொழில்நுட்பம் நன்கு தெரிந்த ஆட்டக்காரர் நெருக்கடியில் "முழங்கையை உயர்த்து, மணிக்கட்டை விறைப்பாக வை" என்று தம் உறுப்புகளுக்குக் கட்டளையிடத் தொடங்கினால், தானாக ஓடிக்கொண்டிருந்த அசைவு துண்டு துண்டாகிவிடும். ஆய்வாளர் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992 இல் கால்ஃப் பந்தைக் குழியில் தள்ளக் கற்றவர்களைச் சோதித்தார். விதிகளைச் சொல்லிக் கேட்டுக் கற்றவர்களைவிட, விதி எதுவும் மனத்தில் பதியாமலே கற்றவர்கள் அழுத்தத்தின்போது தங்கள் ஆட்டத்தைக் காத்துக்கொண்டார்கள். திருத்த வேண்டிய முழங்கையை செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் திருத்துங்கள். ஞாயிறு இரவு 13-13 இல் கவனம் பந்திலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்திலும் இருக்கட்டும்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளருக்கும் இது பொருந்தும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பழைய காணொளியில் என் குரல் தெளிவாகக் கேட்கிறது: "வலையில மட்டும் போட்டுறாத கண்ணு!" செய்யக் கூடாததைச் சொன்னால், அதைத் தவிர்ப்பதற்காகவே மனம் அதை நினைக்க வேண்டியிருக்கிறது. இப்போது நான் விசிலுக்கு முன் பந்து போக வேண்டிய இடத்தின் எண்ணை மட்டும் விரலால் காட்டுகிறேன். விசிலுக்குப் பின் வாயைத் திறப்பதில்லை.

பழக்கத்தைப் படபடப்போடு பழக்குதல்

இந்த வரிசையை எழுதி வைப்பது அரைமணி நேர வேலை; அது கைக்கு வர வாரங்கள் ஆகும். முதல் வாரம் எல்லாச் சர்வீஸையும், சூடேற்றும்போது போடுவதையும் சேர்த்து, முழு வரிசையோடு போட வேண்டும். ஒரு தோழி ஒவ்வொன்றுக்கும் விசில் ஊதட்டும். இன்னொருத்தி வினாடியை எண்ணட்டும். ஐந்து வினாடியிலிருந்து ஒன்றுக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் அது கணக்கில் வராது, பந்து உள்ளே விழுந்திருந்தாலும் சரி. "உள்ளதான விழுந்துச்சு, அப்புறம் ஏனுங்க சார்?" என்ற கேள்வி எழும். பந்து உள்ளே விழுந்ததா என்பதைவிட வரிசை முழுமையாக நடந்ததா என்பதையே இந்தக் கட்டத்தில் அளக்கிறோம்.

இரண்டாம் வாரம் முதல் உடம்பைப் படபடக்க வைக்க வேண்டும். அமைதியான மைதானத்தில், ஆறிய உடம்பில் 200 சர்வீஸ் போடுவது இதற்கு உதவாது. அரை நிமிடம் கயிறு தாண்டச் செய்து, மூச்சு வாங்கும்போதே கோட்டுக்கு அனுப்புவேன். நாலு அடி பின்னால் வைக்கவும், காற்றைப் பார்க்கவும், மூச்சை விடவும் அவளுக்கு அப்போதுதான் உண்மையான தேவை ஏற்படுகிறது. பிறகு விளைவைச் சேர்ப்பேன்: "24-23. இந்தப் பந்து உள்ளே போனால் எல்லாரும் வீட்டுக்கு; போகாவிட்டால் எல்லாரும் ஒரு சுற்று ஓட்டம்." முழு அணியும் கோட்டில் நின்று அவளைப் பார்க்கும் அந்தப் பத்து வினாடி, திருவிழா ஆட்டத்திற்கு மிக நெருக்கமான ஒன்று. ஒரு பயிற்சிக்கு ஐந்தாறு முறைக்கு மேல் இதைச் செய்யக் கூடாது. அதிகமானால் அது வேடிக்கையாகிவிடும், அல்லது தண்டனையாகிவிடும்.

முதல் நாள் அமைதியாகப் போட்ட பத்தில் எட்டு உள்ளே விழுந்தது. கயிறும் கூட்டமும் சேர்ந்ததும் பத்தில் ஐந்து. மூன்றாவது வார முடிவில் இரண்டாவது எண்ணிக்கை ஏழுக்கு வந்தது. அமைதியில் போடுவது எட்டிலேயே நின்றது. திறமை கூடவில்லை, இருந்த திறமை இடையில் ஒழுகுவது குறைந்தது. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டுமே தாழ்வாக இருந்தால் சிக்கல் பதற்றத்தில் இல்லை, சர்வீஸிலேயே இருக்கிறது. அப்போது இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு டாஸைச் சரிசெய்யுங்கள்.

முந்தைய மாலையிலிருந்து முதல் விசில் வரை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய இரவு தூக்கம் சரியாக வராவிட்டால் அதை எண்ணிக் கலங்க வேண்டாம்; ஓர் இரவுத் தூக்கம் குறைந்ததால் பழகிய சர்வீஸ் போய்விடாது. உணவு ஆட்டத்திற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும்: அரிசிம்பருப்பு சாதமோ சந்தகையோ இட்லியோ போதும். தெம்புக்கு என்று சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பிரியாணியை ஆட்டத்திற்குப் பிறகு சாப்பிடலாம், ஏனெனில் பதற்றத்தில் குடலுக்கு இரத்தம் குறைவாகப் போகும்போது அது அப்படியே கிடக்கும். டீயின் அளவை அன்று கூட்டாதீர்கள். காபீன் தரும் படபடப்பைப் பயம் என்று மனம் தவறாகப் படித்துக்கொள்ளும். வழக்கமாகக் குடிப்பவர் அறவே நிறுத்தவும் வேண்டாம், தலைவலி வரும்.

மைதானத்தை அடைந்ததும் முதல் வேலையாகக் கோர்ட்டின் இரு முனையிலும் சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். பின்னால் நான்கு அடி வைக்க இடம் இருக்கிறதா, விளக்கு கண்ணில் அடிக்கிறதா, மைக் எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிட வேண்டும். கூட்டம் நெருக்கமாக உட்காரும் ஊர்களில் பின்னால் இரண்டு அடிதான் கிடைக்கும். நான்கை இரண்டாக்க வேண்டியதை ஆட்டத்தின் நடுவில் கண்டுபிடிக்கக் கூடாது.

இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போது நெஞ்சு அடிக்கத் தொடங்கும். அதை அடக்க முயல்வதைவிட, அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது. அமெரிக்க ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பேசவும் கணக்குப் போடவும் போகுமுன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இரு" என்று தம்மை அடக்கியவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் தொலைவு குறைவு. எங்கள் பிள்ளைகள் இதை "வண்டி சூடாயிருச்சு" என்பார்கள். கை குளிர்ந்திருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்து, கைகளைச் சுழற்றி, பந்தைச் சுவரில் அடித்து விரலுக்கு இரத்தம் வர வையுங்கள்.

ஒன்று தவறிய பிறகு

சுழற்சி முறையில் ஒருவருக்கு ஒரு செட்டில் சில முறைதான் சர்வீஸ் வரும். ஒன்று தவறினால் அடுத்தது வர நெடுநேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் அது தலைக்குள் ஓடும். இதற்கு முன்கூட்டியே ஒரு நிபந்தனை வாக்கியத்தை எழுதிப் பழகியிருக்க வேண்டும். அவளுடையது: "தவறினால், காலால் கோட்டை ஒருமுறை தேய்ப்பேன், என் இடத்தை வாயால் சொல்வேன்." தேய்ப்பதோடு அந்தப் பந்து முடிகிறது. இடத்தைச் சொல்வது அடுத்து வரப்போகும் தாக்குதலுக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவளைச் சேர்க்கிறது. தவற்றுக்குக் காரணம் தேடும் வேலை நோட்டுக்கு உரியது, மறுநாள் செய்யலாம்.

அடுத்த முறை பந்து கைக்கு வரும்போது, தவறியதை ஈடுகட்ட வேகமாக அடிக்கத் தோன்றும். அப்படித் தோன்றுவதே அடையாளம். அந்த முறை நடுவில், பாதுகாப்பான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எது இதற்குள் அடங்காது

ஆட்டத்திற்குப் பல நாட்கள் முன்பே உண்ணவும் உறங்கவும் முடியாமல் போவது, மூச்சு முட்டித் தாம் செத்துவிடுவோம் என்ற பயம் திடீரென எழுவது, ஆட்டம் இல்லாத நாட்களிலும் அந்தப் பயம் தொடர்வது ஆகியவை பயிற்சியாளர் கையாளக் கூடியவை அல்ல. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அதைப் பதற்றம் என்று தள்ளிவிடாமல் முதலில் இதயத்தைப் பரிசோதியுங்கள். நடுக்கம் குறையும் என்று யாரோ தரும் மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம். இந்த நோக்கில் புழங்கும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்தானது. வில்வித்தையிலும் துப்பாக்கிச் சுடுதலிலும் அவ்வகை மருந்து தடைசெய்யப்பட்டது.

அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கம்

புரட்டாசியில் தாராபுரம் பக்கம் நடந்த போட்டியில் அவள் மொத்தம் 12 முறை சர்வீஸ் கோட்டுக்குப் போனாள். மூன்றாவது செட்டில் 12-13 என்று பின்தங்கியிருந்தபோது பந்து மீண்டும் அவளிடம் வந்தது. காணொளியில் எண்ணினால், விசிலிலிருந்து அடி வரை ஐந்து வினாடி. பந்து இருவருக்கும் நடுவே சரியாகத்தான் போனது. எதிரணிப் பெண் ஒருத்தி பாய்ந்து எடுத்து, அவர்கள் அந்தப் புள்ளியையும் பின்னர் ஆட்டத்தையும் வென்றார்கள். வேனில் அவள் நோட்டை மடியில் வைத்து எழுதினாள்: வரிசை 12 இல் 11 முழுமை. முழுமையாகாத ஒன்று இரண்டாவது செட்டின் நடுவில் நடந்தது. மைக்கில் அவள் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னபோது மூச்சை விடாமலே அடித்துவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, பள்ளியின் பழைய மைக்கை ஒருவரிடம் கொடுத்து, அவள் கோட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் பெயரைக் கூவச் சொல்லியிருக்கிறேன்.